நண்பரின் குழந்தை டெங்குவோடு ஆஸ்பத்திரியில்: துருவாமல் நலம் விசாரிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் தமிழ்நாட்டில் டெங்குவும் கூடவே வரும். குழந்தைகள் வார்டில் ஒரு நண்பர் மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருக்க, வெளியே இருக்கும் நாம் என்ன எழுதுவது, எதைக் கேட்பது என்று தெரியாமல் தவிப்போம். இந்தப் பக்கம் டெங்குவை மட்டும் எடுத்துக்கொள்கிறது. இந்த நோய் எந்த நாளில் எப்படிப் போகும் என்பது ஓரளவுக்கு முன்பே தெரிந்த விஷயம். அதைத் தெரிந்துகொண்டாலே நண்பரிடம் கேட்க நினைக்கும் கேள்விகளில் பாதி தேவையில்லாமல் போய்விடும்.

இப்பத்தான் விஷயம் தெரிஞ்சது. உடனே போன் பண்ணலாமா?

வேண்டாம், எழுதி அனுப்புங்கள். குழந்தையின் ஒரு கையில் டிரிப்ஸ் ஓடிக்கொண்டிருக்கும். ஊசி பிடுங்கிக்கொள்ளாமல் அந்தக் கையை அம்மாவோ அப்பாவோ பிடித்துக்கொண்டிருப்பார்கள். அரை மணி நேரம் அழுது அப்போதுதான் தூங்கிய பிள்ளை போன் சத்தத்தில் எழுந்துகொள்ளும். இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. நான்கு வயதுக் குழந்தைக்கு நாம் நினைப்பதைவிட அதிகம் புரியும். நீங்கள் போனில் கேட்கும் ஒவ்வொன்றுக்கும் அதன் தலைமாட்டில் உட்கார்ந்துதான் பதில் சொல்ல வேண்டும். "மறுபடியும் ரத்தம் எடுக்கணுமாம்" என்று அம்மா உங்களிடம் சொல்வது குழந்தையின் காதிலும் விழும்.

வாய்ஸ் மெசேஜும் அதே கதைதான். அதைக் கேட்க வார்டில் சத்தமாகப் போட வேண்டும், அல்லது எழுந்து வெளியே போக வேண்டும். நான்கு வரி எழுத்து போதும்:

"இப்பத்தான் கேள்விப்பட்டேன். பாப்பாவையும் உங்க ரெண்டு பேரையும் நினைச்சிட்டே இருக்கேன். இதுக்குப் பதில் போட வேண்டாம். நாளைக்கு மறுபடி எழுதுறேன்."

இதில் கேள்விக்குறியே இல்லை. பதில் போட வேண்டாம் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், பதில் போடவில்லையே என்ற உறுத்தலும் நண்பரின் தலையில் ஏறும். கடைசி வரி, இது ஒரு நாள் விசாரிப்பு இல்லை என்பதைச் சொல்கிறது. சொன்னபடி மறுநாள் கட்டாயம் எழுதுங்கள்.

எதுவுமே கேட்காம இருந்தா அக்கறை இல்லன்னு நினைக்க மாட்டாங்களா?

நம் ஊரில் விசாரிப்பது என்றாலே கேட்பதுதான். "என்ன ஆச்சு, எப்போ ஆச்சு, எந்த டாக்டர், என்ன சொன்னார்" என்று வரிசையாகக் கேட்டால்தான் அக்கறை என்று பழகிவிட்டோம். அதே நான்கு கேள்விகளை ஒரே நாளில் முப்பது பேர் கேட்கிறார்கள் என்பது கேட்பவர் யாருக்கும் தெரிவதில்லை.

அனுப்புவதற்கு முன் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இதற்குப் பதில் தெரிந்தால் நான் என்ன செய்யப்போகிறேன்? "அங்க ராத்திரி சாப்பாடு கிடைக்குதா?" என்பதற்கு "இல்லை" என்று வந்தால் நீங்கள் கொண்டுபோவீர்கள். அதைக் கேட்கலாம். "எத்தனை பாட்டில் ஏத்துனாங்க?" என்பதற்கு எந்தப் பதில் வந்தாலும் உங்களால் ஆவது ஒன்றும் இல்லை. அதை விட்டுவிடுங்கள்.

அக்கறையோடு கேட்டாலும் குற்றம் சுமத்துவதுபோலக் காதில் விழும் கேள்விகள் இரண்டு உண்டு. ஒன்று, "வீட்டைச் சுத்தித் தண்ணி தேங்கியிருந்துச்சா?" டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் பகலில் கடிப்பது. பூந்தொட்டித் தட்டில் நிற்கும் ஒரு கை நல்ல தண்ணீர் அதற்குப் போதும். பள்ளிக்கூடத்தில் கடித்திருக்கலாம், பக்கத்து வீட்டு மாடியில் வளர்ந்த கொசுவாக இருக்கலாம். எங்கே கடித்தது என்று எந்த அம்மாவாலும் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் கேட்ட அன்று ராத்திரி முழுக்க அவர் அதையே யோசித்துக்கொண்டிருப்பார்.

இன்னொன்று, "ஏன் முன்னாடியே கூட்டிட்டுப் போகல?" முதல் இரண்டு மூன்று நாள் டெங்கு மற்ற வைரஸ் காய்ச்சலைப் போலத்தான் இருக்கும். அந்த நாட்களில் ரத்தத்தில் பிளேட்லெட் எனப்படும் தட்டணுக்கள்கூடச் சரியான அளவில் இருக்கலாம். முன்பே போயிருந்தாலும் பாராசிட்டமால் கொடுத்து, நிறைய நீர் ஆகாரம் கொடுக்கச் சொல்லி, கவனிக்க வேண்டிய அறிகுறிகளை விளக்கி வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். ஆகவே இந்தக் கேள்வி மனத்தைப் புண்படுத்துவதோடு பல நேரம் நியாயமும் இல்லாதது.

பிளேட்லெட் எவ்வளவுன்னு மட்டுமாவது கேட்கலாமா?

டெங்கு என்றதும் எல்லோர் வாயிலும் முதலில் வருவது இதுதான், எல்லோரும் தவிர்க்க வேண்டியதும் இதுதான். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

தட்டணுக்கள் பொதுவாக ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருக்கும். டெங்குவில் காய்ச்சல் குறையும் சமயத்தில் அவை இறங்கும், சில பிள்ளைகளுக்கு 50,000க்கும் கீழே போகும். பிறகு பெரும்பாலும் தானாகவே ஏறும். அது நோயின் போக்கு. ரத்தக் கசிவு இல்லாத குழந்தைக்கு, எண்ணிக்கை குறைந்துவிட்டது என்பதற்காக மட்டும் தட்டணு ஏற்ற மாட்டார்கள். இந்திய வழிகாட்டு நெறிகளில், கசிவு இல்லாதபோது அதை யோசிக்கும் எல்லையே 10,000க்குக் கீழேதான் வருகிறது. நேற்று 60,000, இன்று 38,000 என்றால் வெளியிலிருப்பவர் பதறுவார். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிறதா, நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் எப்படி, சிறுநீர் போகிறதா என்பவற்றைத்தான் மருத்துவர் அதைவிடக் கூர்ந்து கவனிப்பார். ரத்தம் எவ்வளவு கெட்டிப்பட்டிருக்கிறது என்று காட்டும் பிசிவி அளவை அதற்காகத்தான் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள்.

அந்த எண்ணை நண்பரிடம் கேட்கும்போது நடப்பது இதுதான். முதலில் அவர் அதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். சொன்னதும் "ஐயோ, அவ்வளவு கம்மியா!" என்ற உங்கள் அதிர்ச்சியைத் தாங்க வேண்டும். பிறகு "பயப்படாதே, டாக்டர் பார்த்துக்கிறார்" என்று அவரே உங்களைத் தேற்ற வேண்டும். தேற்ற வேண்டியவர் நீங்கள் அல்லவா? கூடவே "என் அக்கா பையனுக்குப் பதினெட்டாயிரம் வந்துச்சு" என்று ஒரு ஒப்பீடும் வந்து சேரும். அந்தப் பையன் பிழைத்துக்கொண்டதாக நீங்கள் முடித்தாலும், அவர் மனதில் பதினெட்டாயிரம்தான் நிற்கும்.

நண்பர் தானாகவே எண்ணைச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். "சரி. சொன்னதுக்கு நன்றி. கூடவே இருக்கேன்" என்பதோடு நிறுத்துங்கள். நாளைக்கு அது ஏறியதா என்று நீங்கள் தொடர்ந்து கேட்க வேண்டியதில்லை.

காய்ச்சல் விட்டுடுச்சுன்னு சொன்னாங்க. "அப்பாடா, இனி பயமில்ல"ன்னு போடலாமா?

மற்றக் காய்ச்சல்களில் போடலாம். டெங்குவில் கூடாது. காய்ச்சல் இறங்கும் சமயம்தான் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும் சமயம். பெரும்பாலும் நோயின் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் வரும் அந்த 24 முதல் 48 மணி நேரம்தான் இந்த நோயில் மிகக் கவனமாக இருக்க வேண்டிய கட்டம். எல்லாக் குழந்தைகளுக்கும் அப்படி ஆவதில்லை, ஆனால் யாருக்கு ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால் எல்லோரையும் கண்காணிப்பார்கள். நீங்கள் "அப்பாடா" போடும் நேரத்தில் நர்ஸ் அடிக்கடி வந்து நாடி பார்த்துக்கொண்டிருப்பார், அம்மா ஒவ்வொரு முறையும் சிறுநீரை அளந்து சீட்டில் எழுதிக்கொண்டிருப்பார்.

ஒரு குழந்தையின் வாரத்தை வைத்துப் பார்க்கலாம். நான்கு வயதுப் பெண் குழந்தை, ஞாயிறு மாலை காய்ச்சல் தொடங்கியது. அதுதான் முதல் நாள். திங்களும் செவ்வாயும் வீட்டில், மருந்தோடு. புதன், நான்காம் நாள், வயிற்று வலியும் நிற்காத வாந்தியும் வந்ததால் சேர்த்துக்கொண்டார்கள். நிற்காத வாந்தி, வயிற்று வலி, சோர்ந்து கிடப்பது, ஈறிலோ மூக்கிலோ ரத்தம் இவையெல்லாம் எச்சரிக்கை அறிகுறிகள். புதன் இரவு உங்களுக்குச் செய்தி தெரிகிறது. மேலே சொன்ன நான்கு வரியை அனுப்புகிறீர்கள்.

வியாழன் காலை காய்ச்சல் இல்லை. குடும்பக் குரூப்பில் கைகூப்பும் படங்கள் குவிகின்றன. நீங்கள் நாளை எண்ணிப் பார்க்கிறீர்கள்: ஐந்தாம் நாள். "இனிமேல்தான் ஆபத்து" என்று நண்பரிடம் சொல்லவும் கூடாது. அதை மருத்துவர் சொல்லியிருப்பார். உங்களுக்கு அது தெரிந்திருப்பது நீங்கள் அவசரப்படாமல் இருக்க மட்டும்தான். அன்று மாலை எழுத வேண்டியது:

"இன்னைக்கு ராத்திரி போனை சைலன்ட்ல போடல. எத்தனை மணிக்கு வேணும்னாலும் கூப்பிடு. கூப்பிடலைன்னாலும் சரி."

வெள்ளி, ஆறாம் நாள், இன்னமும் அதே கட்டம்தான். அன்றைக்குக் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம், பெற்றோரின் வயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள்:

"நாளைக் காலை எட்டு மணிக்கு ரெண்டு பேருக்கு இட்லி, சட்னி, ஃபிளாஸ்க்ல காபி கொண்டு வர்றேன். மெயின் கேட்ல செக்யூரிட்டிகிட்ட உன் பேர் எழுதிக் கொடுத்துட்டுப் போயிடுவேன், நீ இறங்கி வர வேண்டாம். தேவையில்லன்னா 'வேண்டாம்'னு ஒரு வார்த்தை மட்டும் போடு."

சனிக்கிழமை "பாப்பா பசிக்குதுன்னு கேட்டா" என்று நண்பரே எழுதுகிறார். பசி திரும்புவதும் சிறுநீர் நன்றாகப் போவதும் தேறிவரும் அடையாளங்கள். இப்போது நீங்கள் சந்தோஷப்படலாம், அவர் சந்தோஷப்படும் அளவுக்கு மட்டும்: "இதைப் படிச்சதும் எனக்கும் பசிக்குது!" இங்கேயும் "எப்போ டிஸ்சார்ஜ்?" என்று கேட்டுவிடாதீர்கள். மருந்தில்லாமல் குறைந்தது ஒரு நாள் காய்ச்சலற்று இருக்க வேண்டும், தட்டணு ஏறத் தொடங்கியிருக்க வேண்டும், சாப்பிட வேண்டும். தேதி பெற்றோருக்கே தெரியாது. ஞாயிறு என்று உங்களிடம் சொல்லி, அது செவ்வாய்க்குத் தள்ளிப்போனால் அத்தனை பேருக்கும் மறுபடி விளக்க வேண்டியிருக்கும்.

ரெண்டு நாளா பதிலே இல்ல. ஆனா ஆன்லைன்ல இருக்கான்னு காட்டுது.

இன்சூரன்ஸ் ஆளோடு பேசிக்கொண்டிருப்பார், அல்லது மாமியாருக்கு மருந்துச் சீட்டின் படம் அனுப்பிக்கொண்டிருப்பார். குழந்தைக்குக் கார்ட்டூன் போட்டுக் கொடுத்த போனாகவும் இருக்கலாம். நீல டிக் விழுந்தால் படித்துவிட்டார் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு மெசேஜ், முடிந்தவரை அதே நேரத்தில். மாலை ஆறு மணி நல்ல நேரம், காலை ரவுண்ட்ஸ் முடிந்து அன்றைய ரிசல்ட்டுகள் பெரும்பாலும் வந்திருக்கும். "ஏன் பதில் இல்ல? பயமா இருக்கு" என்று எழுதாதீர்கள். அது உங்கள் பயத்தை அவர் பார்த்துக்கொள்ளும்படி கேட்பது.

நேர்ல போய்ப் பார்க்கலாமா? போகலன்னா தப்பா எடுத்துப்பாங்களே.

குழந்தை தேறத் தொடங்கும் வரை போகாமல் இருப்பதே நல்லது. டெங்கு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நேரடியாகத் தொற்றாது, அதனால் பயம் உங்களுக்கு அல்ல. பக்கத்துக் கட்டிலில் நிமோனியாவோடும் வயிற்றுப்போக்கோடும் பிள்ளைகள் படுத்திருப்பார்கள். லேசான சளியோடு நீங்கள் போனால் பாதிக்கப்படுவது அவர்கள்தான். பல ஆஸ்பத்திரிகளில் குழந்தையோடு ஒருவருக்கு மட்டும்தான் பாஸ். நீங்கள் மேலே ஏற வேண்டுமென்றால் அப்பாவோ பாட்டியோ கீழே இறங்க வேண்டும்.

பெரியவர்கள் முறை பார்ப்பார்கள் என்பது உண்மைதான். அதற்கு வார்டுக்குள் போக வேண்டியதில்லை. வாசலில் வந்து சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு, கீழே காத்திருக்கும் தாத்தாவோடு பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். கீழே வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருப்பவரை யாருமே விசாரிப்பதில்லை. அவரிடமும் எண் கேட்காதீர்கள். "டீ சாப்பிடலாமா, ஐயா?" போதும்.

உள்ளே கூப்பிட்டால் போங்கள், கையைக் கழுவிக்கொண்டு. பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். குழந்தையிடம் "ஊசி வலிச்சுதா?" என்று கேட்காதீர்கள், கையில் இருக்கும் கட்டைப் பற்றிப் பேசாதீர்கள். போட்டோ எடுக்கவே வேண்டாம்.

வெறுங்கையோட போக முடியுமா? மாதுளை, இளநீர் வாங்கிட்டுப் போகட்டுமா?

மாதுளை வேண்டாம். ரத்தம் ஊறும் என்று வாங்கிப் போவோம், ஆனால் டெங்கு வார்டில் சிவப்பு, கறுப்பு நிற உணவே இடைஞ்சல். பீட்ரூட், மாதுளை, திராட்சை ஜூஸ், சாக்லேட் எதைச் சாப்பிட்டுக் குழந்தை வாந்தி எடுத்தாலும் அது ரத்தமா, ஜூஸா என்ற குழப்பம் வரும். அந்தக் குழப்பத்தில் அம்மா ஒரு மணி நேரம் செத்துப் பிழைப்பார்.

இளநீரில் அந்தச் சிக்கல் இல்லை, ஆனாலும் கேட்காமல் கொடுக்கக் கூடாது. வாய்வழி எவ்வளவு போகிறது, டிரிப்ஸில் எவ்வளவு போகிறது, சிறுநீராக எவ்வளவு வருகிறது என்பதெல்லாம் கணக்கு. குறைந்தாலும் ஆபத்து, அதிகமானாலும் ஆபத்து. தேறும் கட்டத்தில் கசிந்த நீர் திரும்ப ரத்தத்துக்குள் வரும், அப்போது கூடுதலாகப் போகும் நீர் வயிற்றிலும் நெஞ்சிலும் தேங்கி மூச்சு வாங்க வைக்கலாம்.

பெற்றோருக்குத் தேவையானதை வாங்குங்கள். நீளமான வயரோடு போன் சார்ஜர் (பிளக் பெரும்பாலும் கட்டிலிலிருந்து எட்டாத இடத்தில் இருக்கும்), ஒரு பெட்ஷீட், ஏசி வார்டென்றால் சாக்ஸ், பிஸ்கட், ஒரு சின்னத் துண்டு, சோப்பு, பிரஷ். அவசரமாகக் கிளம்பியவர்கள் பையில் குழந்தையின் சாமான்தான் இருக்கும், தங்களுடையது இருக்காது. குழந்தைக்கு ஒரு ஸ்டிக்கர் புத்தகம் நல்லது. டிரிப்ஸ் இல்லாத ஒரு கையாலேயே ஒட்டி விளையாடலாம்.

பப்பாளி இலைச் சாறு கொடுத்தா பிளேட்லெட் ஏறும்னு எல்லாரும் சொல்றாங்களே. அதைச் சொல்றதும் துருவுறதா?

அதைச் சொல்வது துருவுவதைவிட ஒருபடி மேல். இப்படி அனுப்புபவர் நீங்கள் ஒருவர் இல்லை, அன்றைக்கே பத்துப் பேர் அனுப்பியிருப்பார்கள். டெங்குவில் குழந்தையைக் காப்பது உரிய நேரத்தில் உரிய அளவு நீர் ஏற்றுவதும் கண்காணிப்பும்தான். வாந்தியோடு இருக்கும் பிள்ளைக்குக் கசப்பான சாற்றைப் புகட்டினால் வாந்தி கூடும். நிலவேம்புக் குடிநீரைப் பற்றி நண்பர் நிச்சயம் கேள்விப்பட்டிருப்பார், மழைக்காலத்தில் அரசே அதை விநியோகிக்கிறது. கொடுப்பதா வேண்டாமா என்பது அவருக்கும் மருத்துவருக்கும் இடையில் உள்ளது. "வேற ஆஸ்பத்திரிக்கு மாத்திடலாமே" என்பதும் இந்த வகைதான். நீர் கசியும் கட்டத்தில் குழந்தையை வண்டியில் ஏற்றி நகரைக் கடப்பதே ஓர் ஆபத்து.

ரத்தம் தேவைப்படும்னு குரூப்ல போட்டு ஆள் சேர்க்கட்டுமா?

பெற்றோர் கேட்காமல் போடாதீர்கள். குழந்தையின் பெயர், வயது, வார்டு எண், அப்பாவின் போன் நம்பர் எல்லாம் போட்ட ஒரு பார்வர்டு, குழந்தை வீட்டுக்குப் போய் வருடங்கள் ஆன பிறகும் சுற்றிக்கொண்டிருக்கும். "இன்னும் ரத்தம் வேணுமா சார்?" என்று நள்ளிரவில் போன் வரும். தட்டணுவை ஐந்து நாளைக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது. ஒரே நாளில் நாற்பது பேர் வந்து நிற்பதில் பயனில்லை.

பயனுள்ளது இதுதான்: உங்களையும் சேர்த்து மூன்று பேரை முன்பே பேசி வையுங்கள். 18 வயது நிரம்பியவர்கள், 45 கிலோவுக்குக் குறையாத எடை, ஹீமோகுளோபின் 12.5க்குக் குறையாமல் இருக்க வேண்டும். கடைசியாகக் கொடுத்து ஆண்களுக்கு மூன்று மாதம், பெண்களுக்கு நான்கு மாதம் ஆகியிருக்க வேண்டும். தட்டணுவை மட்டும் மெஷினில் பிரித்தெடுப்பதென்றால் எடை கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள், ஒரு மணி நேரத்துக்கு மேல் படுத்திருக்க வேண்டும், முந்தைய மூன்று நாளில் ஆஸ்பிரின் சாப்பிட்டிருக்கக் கூடாது. மூன்று பேரும் சரி என்றபின் ஒரே வரி: "ரத்தம் தேவைப்பட்டா மூணு பேர் தயாரா இருக்கோம், ஒரு மணி நேரத்துல வந்துடுவோம். கேட்டா மட்டும் வருவோம்." குழந்தையின் ரத்த வகையைக் கேட்க வேண்டாம். ரத்த வங்கியில் கொடுத்த ரத்தத்துக்கு ஈடாகக் கேட்பது பெரும்பாலும் எந்த வகையாகவும் இருக்கலாம், வேண்டிய வகை குறிப்பாக இருந்தால் அவர்களே சொல்வார்கள்.

பணம் தேவைப்படுமான்னு எப்படிக் கேட்குறது?

கேட்டால் "இல்லப்பா, சமாளிச்சுக்கிறோம்" என்றுதான் வரும். "பில் எவ்வளவு ஆச்சு?" என்பது அதைவிட மோசம். பண நெருக்கடியில் இருக்கும் நண்பர் என்றால், சாப்பாட்டுப் பையோடு ஒரு கவரில் நூறு, இருநூறு ரூபாய் நோட்டுகளாக இரண்டாயிரமோ மூவாயிரமோ வைத்து, "ஆட்டோவுக்கும் மருந்துக் கடைக்கும் சில்லறை. கணக்கு வேண்டாம்" என்று எழுதிவிடுங்கள். பெரிய தொகை கொடுக்க முடிந்தால் அம்மாவிடமோ அப்பாவிடமோ வார்டில் பேசாதீர்கள், அவர்களுடைய அண்ணனோ தங்கையோ யாராவது வெளியே அலைந்துகொண்டிருப்பார், அவரிடம் இவ்வளவு என்னால் முடியும் என்று தொகையைச் சொல்லிவிடுங்கள். தொகை சொல்லாத உதவியை வாங்கிக்கொள்வது யாருக்கும் கஷ்டம்.

"என்ன வேணும்னாலும் தயங்காம சொல்லு"ன்னு சொன்னேன். இதுவரைக்கும் ஒண்ணும் கேட்கல.

கேட்க மாட்டார்கள். என்ன வேண்டும் என்று யோசித்து, அதை யாரிடம் கேட்பது என்று முடிவு செய்து, கூச்சத்தை விட்டுக் கேட்பது அந்த நிலையில் பெரிய வேலை. நீங்களே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நாள், நேரம் சொல்லி, வேண்டாமென்று சொல்ல வழியும் வைத்து எழுதுங்கள். வீட்டில் மூத்த பிள்ளை இருந்தால் முதல் வேலை அதுதான்: "சாயங்காலம் மூணரைக்கு ஸ்கூல்ல பெரியவனைக் கூட்டிட்டு வந்து, சாப்பாடு கொடுத்து, ஹோம்வொர்க் பண்ண வச்சு, எட்டு மணிக்குப் பாட்டிகிட்ட விட்டுடுறேன்." பள்ளியில் வேறு ஆளிடம் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள். அதனால் உங்கள் பெயரைச் சொல்லி பெற்றோர் வாத்தியாருக்கு ஒரு மெசேஜ் போட வேண்டும், அதை நீங்களே எழுதி அனுப்பினால் அவர்கள் அப்படியே பார்வர்டு செய்துவிடலாம். அந்தப் பையனிடம் தங்கச்சிக்கு என்ன ஆச்சு என்று விசாரிக்காதீர்கள். அவனாகச் சொன்னால் கேளுங்கள்.

ஐசியுவுக்கு மாத்திட்டாங்களாம். இப்ப என்ன எழுதுறது?

இன்னும் குறைவாக எழுதுங்கள். கண்காணிப்புக்காகவும் மாற்றுவார்கள், நிலைமை மோசமானதாலும் மாற்றுவார்கள். எது என்று நீங்கள் ஊகிக்க வேண்டாம், "ஏன் மாத்துனாங்க?" என்று கேட்கவும் வேண்டாம். "ஒண்ணும் ஆகாது" என்று உறுதி கொடுக்காதீர்கள், அது உங்கள் கையில் இல்லை. "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்பதும் அந்த வாசலில் நிற்பவரின் காதில் கொடுமையாக விழும். பெரும்பாலும் உள்ளே போனை அனுமதிப்பதில்லை, பெற்றோர் வெளியே நாற்காலியில்தான் இருப்பார்கள். இந்த ஒரு நேரத்தில் நேரில் போவதற்கு அர்த்தம் உண்டு: "கீழே பார்க்கிங்ல இருக்கேன். மேலே வரணும்னா சொல்லு. இல்லன்னா இங்கேயே இருக்கேன்." கூப்பிட்டால் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். பேச்சை அவர்கள் தொடங்கட்டும்.

மத்த பிரெண்ட்ஸ் எல்லாம் என்கிட்ட கேட்குறாங்க. என்ன சொல்லட்டும்?

நண்பரிடம் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்: "மத்தவங்க கேட்டா என்ன சொல்லட்டும்? நீ சொல்றதை அப்படியே சொல்றேன்." அவர் கொடுத்த வரிக்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்காதீர்கள். கேட்டுக்கொள்ள முடியாத நிலை என்றால், "ஆஸ்பத்திரியில பார்த்துக்கிறாங்க, போன் பண்ண வேண்டாம்னு சொல்லியிருக்காங்க" போதும்.

வீட்டுக்கு வந்தாச்சு. இப்பவாவது என்ன ஆச்சுன்னு கேட்கலாமா?

முதல் வாரம் பொறுங்கள். குழந்தை வீட்டுக்கு வந்தும் சோர்ந்திருக்கும், சாப்பிட அடம் பிடிக்கும். தேறும்போது கை கால்களில் சிவந்த தடிப்பு வந்து அரிக்கும், அதைப் பார்த்துப் பெற்றோர் மறுபடி பயந்திருப்பார்கள். ரத்தப் பரிசோதனைக்கு இன்னொரு முறை போக வேண்டியிருக்கும். வாசலில் ஆள் மாற்றி ஆள் பழத்தோடு வந்து நிற்கும் நாட்கள் அவை, ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும்.

அந்த வாரத்தில் ஒரு நாள் ரசம் சாதமோ பருப்பு சாதமோ, காரமில்லாமல், வாசலிலேயே கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். பாத்திரத்தைத் திருப்பித் தர வேண்டாத டப்பாவில் கொடுப்பது நல்லது. பத்து நாள் கழித்து, குழந்தை தூங்கும் நேரமாகப் பார்த்து, நண்பரோடு தனியாக நடக்கும்போதோ டீ குடிக்கும்போதோ "அந்த ஒரு வாரம் உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேளுங்கள். இது குழந்தையைப் பற்றிய கேள்வி இல்லை, அவரைப் பற்றியது. அதற்குள் யாரும் அவரை அதைக் கேட்டிருக்க மாட்டார்கள். வியாழக்கிழமை ராத்திரியைப் பற்றி அவர் சொல்லத் தொடங்கினால், சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாதீர்கள். "அதை இப்பப் பேச வேண்டாமே" என்றால், சரி என்று சொல்லிவிட்டு இன்னொரு டீ சொல்லுங்கள்.